கொடுத்தது இருபத்து மூன்று, வந்தது இருபத்திரண்டு

கேள்வி: பனமரத்துப்பட்டியில் வீட்டிலிருந்தே சேலை வியாபாரம் செய்கிறேன். இளம்பிள்ளையில் தறிக்காரர்களிடம் எடுத்து வந்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறேன். இதுதான் என் பிழைப்பு. உதவிக்கு என் மாமியார் மட்டும். ஒரு கூரியர் கம்பெனியில் என் பெயரில் கணக்கு இருக்கிறது. லேபிளை வீட்டிலேயே அச்சடித்து ஒட்டி வைத்துவிடுவேன். சாயங்காலம் ஒரு தம்பி வண்டியில் வந்து மொத்தமாக எடுத்துப் போவார். மாதம் முடிந்ததும் பில் வரும்.

ஆகஸ்ட் 11-ம் தேதி, ஆடி விற்பனை சமயம், 23 பார்சல் கொடுத்தேன். நோட்டில் தேதி போட்டு "23 பார்சல்" என்று எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன். மறுநாள் பார்த்தால் 22 நகர்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் Manifested என்றே நிற்கிறது. திருநெல்வேலிக்குப் போக வேண்டிய சேலை, விலை 2,850 ரூபாய். அந்த அக்கா முழுப் பணமும் முன்பே அனுப்பிவிட்டார். கிளையில் கேட்டால், "எங்களுக்கு வந்தது 22தான். நீங்கள் கொடுத்ததற்கு அத்தாட்சி என்ன? போட்டோவெல்லாம் செல்லாது" என்கிறார்கள். பார்சல் குவியலை எடுத்த ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் கிடக்கிறது. மூன்று வாரம் ஆகிறது. நான் கொடுத்தேன் என்று எப்படி நிரூபிப்பது? இனிமேல் என்ன செய்ய வேண்டும்?

— ஒரு வாசகி, பனமரத்துப்பட்டி

பதில்: சகோதரி, கிளையில் சொன்னதில் பாதி சரி. குவியலின் போட்டோ, பார்சல் உங்கள் வீட்டில் இருந்தது என்பதைத்தான் சொல்லும். அவர்கள் கைக்குப் போனது என்பதைச் சொல்லாது. வீட்டில் பார்சல் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. வீட்டு வாசலுக்கும் அவர்களுடைய முதல் ஸ்கேனுக்கும் நடுவில் உள்ள அந்தச் சில மணி நேரம்தான் இங்கே தகராறு. நீங்கள் சேர்க்க வேண்டிய அத்தாட்சி முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

அந்த இடைவெளி எப்படி வருகிறது என்று பாருங்கள். அதே சேலையை நீங்கள் தபால் ஆபீசில் ஸ்பீடு போஸ்ட்டாகக் கொடுத்திருந்தால், கவுன்டரில் எடை போட்டு, எண் ஒட்டி, ரசீதைக் கையில் கொடுத்திருப்பார்கள். அந்த ரசீது பிறப்பதே பார்சல் கைமாறும் நொடியில்தான். எண், எடை, தேதி, நேரம், போகும் ஊர் எல்லாம் அதில் இருக்கும். "எங்களிடம் வரவே இல்லை" என்று பிறகு யாரும் சொல்ல வழி இல்லை. கூரியரில் வீட்டிலேயே லேபிள் அடிக்கிறபோது கதை மாறிவிடுகிறது. எண் முதலில் வருகிறது, பார்சல் பிறகு போகிறது. Manifested என்று திரையில் நிற்பதற்கு அர்த்தம், நீங்கள் லேபிள் போட்டீர்கள் என்பது மட்டுமே. அது உங்கள் வாக்குமூலம், அவர்களுடையது அல்ல. அவர்கள் ஆள் ஸ்கேன் செய்த பிறகு வருகிற Picked Up என்ற வரிதான் அவர்களுடைய முதல் ஒப்புதல். பல ஊர்களில் பிக்கப்புக்கு வருகிற தம்பிகளுக்கு நேரம் போதாது. மூட்டையாக அள்ளிக்கொண்டு போய், இரவு ஹப்பில் கொட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாக ஸ்கேன் ஆகும். உங்கள் சேலை தொலைந்தது அந்த வழியில்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. வீட்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில், காலி அட்டைப்பெட்டிக்குள், மாவு சாக்குக்குப் பின்னால் எல்லாம். அன்றைய இருப்புக் கணக்கையும் சரிபாருங்கள்: எத்தனை சேலை இருந்தது, எத்தனை விற்றது, எத்தனை மிச்சம். சேலத்தில் ஒரு கூரியர் கிளையில் பொறுப்பில் இருந்த வருஷங்களில், எங்கள் ஆளைத் திட்டிவிட்டுப் போனவர்கள் இரண்டு நாள் கழித்து வீட்டிலேயே பார்சல் கிடைத்தது என்று வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஹப்பில் மூலையில் கிடந்த பார்சலை "வரவே இல்லை" என்று எங்கள் ஆட்கள் சாதித்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் நடக்கும். இருப்புக் கணக்கு சரியாக இருந்தால், அந்தக் காகிதமே உங்கள் முதல் சாட்சி.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருவோம். நீங்கள் நினைப்பதைவிட அது பலமானது. "23 பார்சல்" என்பதில் எந்த 23 என்று இல்லை, அதுதான் குறை. அந்தக் குறையைக் கழித்தல் கணக்கில் நிரப்பலாம். கூரியர் கணக்குக்குள் போய், ஆகஸ்ட் 11 அன்று நீங்கள் அடித்த லேபிள்களின் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் சரியாக 23 ஏ.டபிள்யூ.பி. எண்கள் இருந்தால், அவர்கள் ஆள் கையெழுத்துப் போட்ட எண்ணிக்கையும் உங்கள் பட்டியலும் பொருந்துகின்றன. அந்த 23-ல் 22 எண்களை அவர்களே ஸ்கேன் செய்து ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். மிச்சம் இருப்பது திருநெல்வேலி எண் ஒன்றுதான். 23 எடுத்துக்கொண்டேன் என்று அவர்கள் ஆள் எழுதிக்கொடுத்த பிறகு, அந்த இருபத்து மூன்றாவது பார்சல் எது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்கள் பக்கம் போய்விடுகிறது. முந்தின நாள் அடித்து அனுப்பாமல் வைத்திருந்த லேபிள் எதுவும் அன்றைய குவியலில் கலந்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு இடறும். அதையும் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து வெறும் கிறுக்கலாக இருந்தால், அது யாருடையது என்று நிலைநாட்ட வேண்டும். கிளைக்கு மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆகஸ்ட் 11 மாலை பனமரத்துப்பட்டி பிக்கப்புக்கு வந்தவர் யார், அவருடைய கருவியில் என் முகவரிக்கு எத்தனை பார்சல் என்று பதிந்திருக்கிறார்? பல கம்பெனிகளின் பிக்கப் செயலியில் எண்ணிக்கையைப் போட்டால்தான் அந்த வேலை முடிந்ததாக மூடும். அங்கே 23 என்று இருந்தால் வேறு சாட்சியே தேவையில்லை. அந்தத் தம்பியைத் தனியாகப் பிடித்துச் சண்டை போடாதீர்கள். தொலைந்ததற்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்தில் அவர் வாயை மூடிக்கொண்டால், நஷ்டம் உங்களுக்குத்தான்.

அடுத்து அந்த போட்டோ. வாட்ஸ்அப்பில் கிடப்பது நகல். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது படம் சுருங்குகிறது, எடுத்த தேதி, நேரம், இடம் முதலிய உள்விவரங்களும் உதிர்ந்துவிடுகின்றன. எடுத்த போனில் மூலப்படம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கேலரியில் அழித்திருந்தால் குப்பைத்தொட்டிக் கோப்பில் சில வாரங்கள் வரை இருக்கும், கூகுள் போட்டோஸில் ஏறியிருக்கவும் கூடும். மூன்று வாரம் ஆகிவிட்டது என்பதால் இன்றே பாருங்கள். கிடைத்தால் அதைப் பெரிதாக்கி, லேபிள் எதையாவது படிக்க முடிகிறதா பாருங்கள். திருநெல்வேலி பார்சலின் லேபிள் பாதி தெரிந்தால்கூடப் போதும். தெரியவில்லை என்றாலும், அந்தப் பார்சலின் கவர் நிறமோ, ஓரத்தில் நீங்கள் பேனாவால் எழுதிய ஆர்டர் எண்ணோ அடையாளம் காட்டலாம். அந்த போனை இந்த விவகாரம் முடியும் வரை விற்கவோ மாற்றவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம், மின்னணு நகலைக் காட்டும்போது 63-ம் பிரிவின்படி சான்றிதழ் கேட்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் அவ்வளவு கறாராக இருப்பதில்லை என்றாலும், மூலப்படம் உள்ள போன் கையில் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

உங்களிடம் இல்லாத அத்தாட்சி அவர்களிடமே இருக்கலாம். பெரும்பாலானவர்கள் பார்க்கத் தவறுகிற இடம் இதுதான். ஆகஸ்ட் மாத பில் வந்ததும் வரி வரியாகப் பாருங்கள். திருநெல்வேலி எண்ணுக்கும் கட்டணம் போட்டிருக்கிறார்களா? அதற்கு நேராக ஹப்பில் எடுத்த எடை இருக்கிறதா? நீங்கள் லேபிளில் 700 கிராம் என்று போட்டு, பில்லில் 745 கிராம் என்று வந்திருந்தால், அந்த 45 கிராம் வித்தியாசம் உங்களுக்குப் பெரிய சாட்சி. வராத பார்சலை யாரும் தராசில் வைக்க முடியாது. சேலை எடையோடு கவர், அட்டை எடை சேர்ந்து இப்படி மாறுவது சாதாரணம்தான். ஆனால் உங்கள் எண்ணையே திருப்பிப் போட்டிருந்தால் அதை எடையாகச் சொல்ல முடியாது, கட்டணம் பிடித்ததை மட்டுமே காட்டலாம்.

ஹப்பில் லேபிள் கிழிந்து விழுந்த பார்சல்களைத் தனியாகப் போட்டு வைப்பார்கள். மழைக்காலத்திலும், பளபளப்பான கவரில் லேபிள் ஒட்டும்போதும் இது அடிக்கடி நடக்கும். "என் பார்சல் எங்கே" என்று கேட்டால் எண்ணைத் தட்டிப் பார்த்து இல்லை என்பார்கள். "லேபிள் இல்லாத சரக்கில், சாம்பல் நிற கவரில், மயில்கழுத்து நிறச் சேலை, சிவப்பு முந்தி இருக்கிறதா" என்று சேலையின் படத்தோடு கேட்டால் ஒருவர் எழுந்து போய்த் தேடுவார். உள்ளே உங்கள் பெயரும் வாடிக்கையாளர் பெயரும் எழுதிய துண்டுச் சீட்டு இருந்தால் வீடு தேடி வந்துவிடும். இல்லாவிட்டால் இனிமேல் ஒவ்வொரு பார்சலிலும் ஒன்றைப் போடுங்கள்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நோட்டை விடாதீர்கள், ஆனால் எண்ணிக்கைக்குப் பதிலாகப் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். அன்றைய லேபிள்களின் பட்டியலை மேனிஃபெஸ்ட் என்ற பெயரில் கூரியர் கணக்கிலேயே அச்சடிக்கலாம். இரண்டு பிரதி எடுங்கள். அடியில் அவர் கையாலேயே "இருபத்து மூன்று" என்று எழுத்தால் எழுதி, பெயர், போன் எண், நேரம், கையெழுத்துப் போடட்டும். எண்ணில் எழுதினால் திருத்துவது சுலபம். எழுத்தால் எழுதினால் திருத்துவது கடினம். ஒரு பிரதி அவருக்கு, ஒன்று உங்களுக்கு. பார்சல் ஏதாவது ஒன்று கடைசி நேரத்தில் நின்றுவிட்டால் அந்த வரியை அடித்து, இருவரும் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். அடிக்காமல் விட்ட ஒரு வரி அந்தத் தாள் முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

ஸ்கேன் கருவி அவர் கையில் இருந்தால், வாசலிலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 23 பார்சலுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். மாமியாரை எடுத்து நீட்டச் சொன்னால் இன்னும் சீக்கிரம் முடியும். ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் அந்த நேரம் அவருக்கும் பாரமாக இருக்காது. அவர் கிளம்பும் முன் உங்கள் போனில் இரண்டு மூன்று எண்களைத் தட்டி, Picked Up வந்துவிட்டதா என்று பாருங்கள். சிக்னல் இல்லாமல் தாமதமானால், இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பாருங்கள். வராத எண் இருந்தால் அன்று இரவே மின்னஞ்சல் போடுங்கள். அன்றைக்கே எழுந்த புகாருக்கும் ஐந்தாம் நாள் எழுந்த புகாருக்கும் மதிப்பில் நிறைய வித்தியாசம் உண்டு. ஹப்பின் கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்து மேலே புதுப் பதிவு ஏறிவிடும் என்பதும் ஒரு காரணம்.

போட்டோவை மூன்று தருணங்களில் எடுத்தால் போதும். முதலாவது, திறந்த கவரில் சேலையும் பக்கத்தில் லேபிளும் ஒரே சட்டத்தில். இரண்டாவது, ஒட்டிய பார்சல் தராசின் மேல், எடையும் பார்கோடும் தெரிய. மூன்றாவதுதான் முக்கியம்: பார்சல்கள் அவருடைய பைக்குள் போகிற வீடியோ, கடைசியில் கையெழுத்தான தாளும் வண்டியும் தெரிய. வெட்டாமல், நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். எடுக்கும் முன் "தம்பி, கணக்குக்காக எடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் அது பாதுகாப்புதான். படம் தெளிவாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்னொரு போனால் அந்தப் படத்தில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்து பாருங்கள். எண் வந்தால் நல்ல படம். வராவிட்டால் டேப்பின் பளபளப்பு பார்கோடின் மேல் விழுந்திருக்கும். கொஞ்சம் சாய்த்து மறுபடி எடுங்கள்.

வெப்ப அச்சு ரசீதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கவுன்டரில் கொடுக்கிற வழவழப்பான ரசீதில் மை கிடையாது. சூடு பட்டுக் கறுக்கும் தாள் அது. வண்டி டிக்கியில் வைத்தாலோ, வெயில் விழும் ஜன்னலோரத்தில் மாட்டினாலோ, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாலோ எழுத்து மங்கிவிடும். நம் சேலம் வெயிலுக்குச் சில மாதங்களே தாங்கும். வாங்கிய அன்றே படம் எடுத்து, சாதாரணத் தாளில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். டிராக்கிங் பக்கமும் நிரந்தரமாக இருக்காது, ஆகவே கடைசி நிலை வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோப்பு, அதற்குத் தேதியே பெயர் என்று வைத்தால் தேடக் கஷ்டப்பட வேண்டாம். இரண்டு வருஷம் வரை அழிக்காதீர்கள். நுகர்வோர் புகார் கொடுக்கச் சட்டம் கொடுத்திருக்கிற காலம் அதுதான்.

இத்தனையும் எதற்கு? 2007-ம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், வீடு தேடி வரும் கூரியர்களையும் சரக்கு ஏற்றுபவர்களாகவே கணக்கில் எடுக்கிறது. அந்தச் சட்டப்படி, தொலைந்ததற்கு அவர்களுடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. ஹப்பில் என்ன நடந்தது, யார் எடுத்தார்கள் என்பதெல்லாம் உங்கள் தலைவலி அல்ல. கொடுத்தேன், போய்ச் சேரவில்லை, இவ்வளவு மதிப்பு: இந்த மூன்றையும் காட்டினால் போதும். அதனால்தான் ஒப்படைத்ததற்கான தாளுக்கு இவ்வளவு கனம்.

ஆனால் முழுப் பணமும் வந்துவிடும் என்று உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட மாட்டேன். அதே சட்டத்தின் விதிகள், கூடுதல் கட்டணம் கட்டி மதிப்பை அறிவிக்காத சரக்குக்கு, கொடுத்த கட்டணத்தின் பத்து மடங்கு என்று வரம்பு வைக்கின்றன. 65 ரூபாய் கட்டணம் என்றால் 650 ரூபாய். ரசீதின் பின்புறத்துப் பொடி எழுத்தில் அதைவிடக் குறைவாகவும் எழுதியிருப்பார்கள். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கையெழுத்திட்ட கூரியர் தாளில் 100 டாலர் என்று வரம்பு இருந்தால் நஷ்டஈடு அதற்கு மேல் இல்லை என்று முடிவு செய்தது. மாநில ஆணையம் லட்சக்கணக்கில் கொடுக்கச் சொல்லியிருந்த வழக்கு அது. எனவே கணக்குத் தொடங்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். இனிமேல் 2,000 ரூபாய்க்கு மேல் போகும் சேலைகளுக்கு மதிப்பை அறிவித்து, காப்பீடு சேர்த்து அனுப்புங்கள். எனக்குத் தெரிந்து, அத்தாட்சி பலமாக இருக்கும் விற்பனையாளரிடம் கம்பெனிகள் வரம்பைக் காட்டி வாதாடுவதைவிட, அடுத்த மாத பில்லில் கழித்துக்கொடுத்து முடிக்கவே விரும்பும். தொடர்ந்து பார்சல் தருகிற கணக்கை இழக்க யாரும் விரும்புவதில்லை.

திருநெல்வேலி அக்காவை இதில் இழுக்காதீர்கள். அவருக்கு இன்னொரு சேலையோ பணமோ இந்த வாரமே போகட்டும். கூரியரிடம் கொடுத்ததோடு விற்பனையாளர் பொறுப்பு முடிந்தது என்று 1930-ம் வருஷச் சரக்கு விற்பனைச் சட்டத்தைக் காட்டி வாதாட இடம் உண்டுதான். அது சரக்கு அனுப்பும் கம்பெனிகளுக்குப் பொருந்தும் பேச்சு. வாட்ஸ்அப்பில் முகம் தெரியாத உங்களை நம்பி முன்பணம் அனுப்பியவரிடம் அதைச் சொல்வது முறையல்ல.

கடைசியாக, நாள் கணக்கு. வழக்குக்குப் போவதானால், பார்சல் கொடுத்த நாளிலிருந்து 180 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். போனில் பேசியதும், கிளையில் நின்று கத்தியதும் கணக்கில் வராது. ஏ.டபிள்யூ.பி. எண், தேதி, நோட்டின் நகல், 23 எண்களின் பட்டியல், 22 போய்ச் சேர்ந்ததன் ஸ்கிரீன்ஷாட்டுகள், சேலையின் பில், கேட்கும் தொகை எல்லாவற்றையும் வைத்து கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் எடுத்து வையுங்கள். பதில் வரவில்லை என்றால் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்பவர் என்பதால், நீங்கள் வசிக்கும் சேலம் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. ஆகஸ்ட் 11-லிருந்து எண்ணினால் 180-வது நாள் பிப்ரவரி 7. அதுவரை காத்திருக்காமல், இந்த வாரமே அந்தக் கடிதத்தை எழுதிவிடுங்கள்.